ஃப்ரேம் ரேட்டை 25லிருந்து 5 ஆக்கினேன், ஃபைல் இளைக்கவே இல்லை. ஏன்?

செங்காங் டீச்சர் | 2 மார்ச் 2024, இரவு 11:20

சனிக்கிழமை காலையில் தொடக்கநிலை 6 பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். இரண்டு மணி நேரம். வர முடியாத பிள்ளைகளுக்காக வகுப்பைப் பதிவு செய்து கூகல் டிரைவில் போட்டுவைப்பது வழக்கம். ஒரு வகுப்பு 612 எம்பி வருகிறது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் 24 வகுப்புதான் அடங்கும், அதிலும் என் மின்னஞ்சலும் குடும்பப் படங்களும் பங்குக்கு வந்து நிற்கின்றன.

திரையில் பெரும்பகுதி நான் பேனாவால் எழுதும் வெள்ளைப் பலகை. ஓரத்தில் சின்னக் கட்டத்தில் என் முகம். வாசிக்கும் பிள்ளையின் முகம் அதற்குக் கீழே வரும். இதற்கு நொடிக்கு 25 படம் எதற்கு என்று தோன்றியது. ஹேண்ட்பிரேக்கில் 5 என்று வைத்து ஓட்டினேன். ஐந்தில் ஒரு பங்கு படம் என்றால் 612 எம்பி 120க்காவது வர வேண்டும் அல்லவா? வந்தது 609.

ஒரு நிபந்தனை உண்டு: பேச்சு கெடக் கூடாது. இது வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சி. பிள்ளை 'பழம்' என்று வாசித்தாளா, 'பளம்' என்று வாசித்தாளா என்பது பதிவில் தெளிவாகக் கேட்க வேண்டும். பெற்றோர் அதைக் கேட்டுத்தான் வீட்டில் திருத்துகிறார்கள்.

ஈசூன் வாசகர் | 3 மார்ச் 2024, காலை 7:45

வகுப்பு நடுவில் திக்கித் திக்கி வந்தால் எல்லாரையும் கேமராவை அணைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் வைஃபை பெட்டியை வரவேற்பறைக்கு மாற்றிய பிறகு சரியாகிவிட்டது.

செங்காங் டீச்சர் | 3 மார்ச் 2024, காலை 8:10

வகுப்பு நன்றாகத்தான் நடக்கிறது. பிறகு மிஞ்சும் பதிவைப் பற்றித்தான் கேட்கிறேன். பிள்ளைகள் கேமராவை அணைப்பதும் எனக்கு ஆகாது, வாய் திறந்து வாசிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

தெம்பனிஸ் 21 | 3 மார்ச் 2024, பகல் 1:02

டீச்சர், ஹேண்ட்பிரேக்கில் வீடியோ பக்கத்தில் `Avg Bitrate` தேர்ந்தெடுத்திருந்தீர்களா, `Constant Quality` தேர்ந்தெடுத்திருந்தீர்களா?

செங்காங் டீச்சர் | 3 மார்ச் 2024, பகல் 1:30

`Avg Bitrate`. பழைய ஃபைலில் வீடியோ 550 என்று காட்டியது, தரம் கெடக் கூடாதே என்று அதே 550ஐப் போட்டேன்.

தெம்பனிஸ் 21 | 3 மார்ச் 2024, பகல் 2:15

அதுதான் காரணம். நொடிக்கு 550 கிலோபிட் செலவழி என்று நீங்கள் கட்டளை போட்டுவிட்டீர்கள். 25 படம் இருந்தாலும் 5 படம் இருந்தாலும் அது அந்த 550ஐச் செலவழித்தே தீரும். இருபத்தைந்து பேருக்கு உலை வைத்த அரிசி, வந்தவர்கள் ஐந்து பேர். அரிசி குறையவில்லை, ஆளுக்கு அஞ்சு தட்டு சோறு கிடைத்தது. உங்கள் 609 எம்பி ஃபைலில் ஒவ்வொரு படமும் தேவைக்கு மேல் பளிச்சென்று இருக்கும், பார்த்தால் தெரியும்.

அளவு என்பது பிட்ரேட்டை நேரத்தால் பெருக்கியது, அவ்வளவுதான். ஃப்ரேம் ரேட் அந்தக் கணக்கில் நேராக வருவதே இல்லை. ஆகவே பிட்ரேட்டைக் கட்டிப்போடாமல் தரத்தைக் கட்டிப்போடுங்கள். மிச்சமானதைக் குறைத்துக்கொள்ள என்கோடருக்கு வழி கிடைக்கும். வாரா வாரம் செய்யப்போகிறீர்கள் என்பதால் கட்டளையாகவே தருகிறேன்:

```
ffmpeg -i vaguppu.mp4 -vf fps=5 -c:v libx264 -crf 26 -c:a copy chinnathu.mp4
```

`-crf` கூடக் கூடத் தரம் குறையும். சொல்லாமல் விட்டால் 23. ஆறு கூட்டினால் வீடியோ ஏறக்குறையப் பாதியாகும். `-c:a copy` என்பது குரலைத் தொடாமல் அப்படியே எடுத்து வைக்கும். முதலில் இப்படிச் செய்து பாருங்கள், குரலைப் பிறகு பேசலாம்.

ஜூரோங் தம்பி | 3 மார்ச் 2024, மாலை 6:40

அக்கா, ஃப்ரேம் ரேட்டைக் குறைத்தால் பேச்சு பிசகும், என் அனுபவம். அலுவலகக் கூட்டம் ஒன்றை இப்படிச் செய்தேன். இரண்டு மணி நேரக் கூட்டம் பத்து மணி நேரமாகிவிட்டது. படத்தில் மேலாளர் கையைத் தூக்கி இறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது, குரலோ வழக்கமான வேகத்தில் ஓடி முடிந்து, மீதி எட்டு மணி நேரம் ஊமைப்படம். அதனால் 15க்குக் கீழே போகாதீர்கள்.

தெம்பனிஸ் 21 | 3 மார்ச் 2024, இரவு 9:05

தம்பி, `-r 5` என்பதை `-i`க்கு முன்னால் தட்டினீர்களா?

ஜூரோங் தம்பி | 3 மார்ச் 2024, இரவு 9:20

ஆமாம் அண்ணே. முன்னால்தான்.

தெம்பனிஸ் 21 | 3 மார்ச் 2024, இரவு 9:48

அங்கேதான் கோளாறு. முன்னால் போட்டால், ஃபைலில் எழுதியிருக்கும் நேரக்குறிப்பை மறந்துவிடு, உள்ளே இருக்கும் எல்லாப் படத்தையும் நொடிக்கு ஐந்து என்று அடுக்கு என்று பொருள். 25 வீதம் எடுத்ததை 5 வீதம் அடுக்கினால் ஐந்து மடங்கு நீளும், 2 மணி 10 மணி ஆகும். உங்கள் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. `-vf fps=5` அப்படியில்லை. அது நேரக்குறிப்பைப் பார்த்து, வேண்டாத படங்களை மட்டும் உதிர்க்கும். கூட்டப் பதிவுகளில் படங்கள் சீரான இடைவெளியில் இருப்பதில்லை, வலை மந்தமானால் விட்டு விட்டு வரும். அதையும் அது ஒழுங்குபடுத்திவிடும். குரல் தனித் தடம், அது அசையாது. 15க்குக் கீழே போகக் கூடாது என்பதற்கு இதில் காரணம் ஏதும் இல்லை.

செங்காங் டீச்சர் | 5 மார்ச் 2024, இரவு 10:50

ஓட்டிப் பார்த்தேன். 251 எம்பி. குரல் பிசகவில்லை. நடுவில் மூன்று இடத்தில் நிறுத்தி, பிள்ளை வாய் மூடுவதும் சொல் முடிவதும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்தேன். ஐந்து படத்தில் உதடு தத்தித் தத்தித்தான் அசைகிறது, ஆனால் இரண்டு மணி நேரத்தின் கடைசியிலும் முதலில் இருந்த அளவே ஒத்துப்போகிறது. விலகியிருந்தால் கடைசியில் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

எழுத்தையும் பார்த்தேன். பலகையில் ஒரு ழ எழுத எனக்கு இரண்டு நொடி ஆகிறது. ஐந்து படம் என்றால் அந்த ழ பத்துக் கட்டமாக வளர்கிறது, எங்கே தொடங்கி எங்கே வளைத்துக் கீழே இறக்கினேன் என்று பிள்ளைக்குப் புரியும். ஆசையில் `fps=1` வைத்தும் ஒன்று எடுத்தேன். அதில் பாதி ழ ஒரு படம், முழு ழ மறு படம். எழுத்து முளைத்துவிட்டது, எழுதிய கை தெரியவில்லை. எழுதிக் காட்டும் வகுப்புக்கு 5தான் என் கீழ் எல்லை.

ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு வரவில்லையே? 612ல் ஐந்தில் ஒன்று 122.

தெம்பனிஸ் 21 | 6 மார்ச் 2024, காலை 9:30

இரண்டு காரணம் டீச்சர்.

ஒன்று, உங்கள் 251ல் குரல் மட்டும் 115 எம்பி. 128 கிலோபிட்டில் 7200 நொடி, கணக்குப் போட்டால் அதுதான் வரும். அதைத் தொடவே இல்லை. ஆகவே வீடியோ 497லிருந்து 136க்கு வந்திருக்கிறது.

இரண்டாவது, நீங்கள் உதிர்த்த படங்கள் பெரும்பாலும் இலவசப் படங்கள். பலகை அசையாமல் நிற்கும்போது அடுத்த படத்தில் என்கோடர் 'முன்பு போலவே' என்று எழுதிவிட்டுப் போகிறது. அப்படிப்பட்ட நான்கைத் தூக்கி எறிந்தால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. அசைகிற பகுதியிலோ நேர்மாறு: படங்களுக்கு இடையே இடைவெளி கூடினால் வித்தியாசமும் கூடும், ஒவ்வொன்றும் விலை ஏறும். அதோடு ஒவ்வொரு படமும் இப்போது ஐந்து மடங்கு நேரம் திரையில் நிற்கிறது என்பது x264க்குத் தெரியும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்கும்.

உங்கள் சின்னக் கட்டத்தில் ஏதாவது ஓயாமல் அசைகிறதா?

செங்காங் டீச்சர் | 6 மார்ச் 2024, காலை 9:52

என் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் சுற்றுகிறது. பாதி தெரியும்.

தெம்பனிஸ் 21 | 6 மார்ச் 2024, காலை 10:04

சரி, ஆளைப் பிடித்துவிட்டோம். இறக்கை ஒரு படத்தில் இருந்த இடத்தில் அடுத்த படத்தில் இராது. 25லேயே கஷ்டம், 5ல் ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லை. இரண்டு மணி நேரமும் அதைப் புதிதாக வரைந்துகொண்டே இருக்கிறது.

ஜூரோங் தம்பி | 6 மார்ச் 2024, பகல் 12:30

`mpdecimate` என்று ஒன்று உண்டே? ஒரே மாதிரி இருக்கும் படங்களைத் தானே தூக்கிவிடும். அதைப் போட்டால் 5, 10 என்று நாம் எண்ணே சொல்ல வேண்டாம்.

தெம்பனிஸ் 21 | 6 மார்ச் 2024, பகல் 12:55

ஃபேன் ஓடும் வரைக்கும் எந்த இரண்டு படமும் ஒரே மாதிரி இராது தம்பி, அது தூக்க ஒன்றுமே கிடைக்காது. முகமே இல்லாத, வெறும் ஸ்லைடு மட்டும் உள்ள பதிவுக்கு நல்ல சாமான்.

பிடோக் அம்மா | 8 மார்ச் 2024, இரவு 8:15

டீச்சர், உங்கள் வகுப்பில் என் மகனும் இருக்கிறான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். புது ஃபைல் சீக்கிரம் இறங்குகிறது, சந்தோஷம். ஆனால் கைபேசியில் 43வது நிமிடத்துக்கு இழுத்தால் 42:30ல் போய் நிற்கிறது, கொஞ்சம் தள்ளினால் 43:20க்குப் பாய்கிறது. அவன் வாசித்த இடம் இரண்டுக்கும் நடுவில். ரயிலில் வேலைக்குப் போகும்போதுதான் கேட்கிறேன், ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

செங்காங் டீச்சர் | 8 மார்ச் 2024, இரவு 8:40

என் கணினியில் சரியான இடத்தில் நிற்கிறதே என்று முதலில் நினைத்தேன். கைபேசியில் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியேதான். 42:30, 43:20. சரியாக 50 நொடி. இந்த 50 எங்கிருந்து வந்தது?

தெம்பனிஸ் 21 | 9 மார்ச் 2024, காலை 11:15

என் தவறு, கட்டளையில் இதைச் சொல்லாமல் விட்டேன். இடையிடையே முழுசாக வரைந்த படம் ஒன்று வரும், கீஃப்ரேம். மற்றவை எல்லாம் அதன்மேல் செய்த திருத்தங்கள். பல கைபேசி பிளேயர்கள் இழுத்துவிட்டால் பக்கத்துக் கீஃப்ரேமில்தான் போய் நிற்கும். x264 சொல்லாமல் விட்டால் அதிகபட்சம் 250 படத்துக்கு ஒன்று வைக்கும். 25 வீதத்தில் அது 10 நொடி, யாருக்கும் உறுத்தாது. 5 வீதத்தில் அதே 250 படம் 50 நொடி. `-g 100` சேருங்கள், 20 நொடிக்கு ஒன்று வரும்.

இலவசம் இல்லை. முழுப்படம் ஒவ்வொன்றும் கனம். ஃபைல் கொஞ்சம் பெருக்கும்.

செங்காங் டீச்சர் | 9 மார்ச் 2024, பிற்பகல் 4:05

251 இப்போது 272 ஆனது. 21 எம்பி கூடுதல். பிடோக் அம்மா ரயிலில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், இதை வைத்துக்கொள்கிறேன்.

5ஆம் தேதி எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். அன்று `-crf 32` வைத்தும் ஒரு பதிவு எடுத்திருந்தேன், ஃபைல் நன்றாகச் சிறுத்தது. இன்று அதை முழுத்திரையில் வைத்துப் படித்தேன். 'பக்கம்' என்று எழுதியிருந்தேன். முதல் 'க'வின் மேலே இருந்த புள்ளி வெள்ளையில் கரைந்து 'பககம்' என்று நிற்கிறது. கொஞ்ச நேரம் பலகை அசையாமல் இருந்தால் புள்ளி மெதுவாகத் தெளிகிறது, ஆனால் நான் அதற்குள் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பேன். ஆங்கிலத்தில் i மேல் புள்ளி போனாலும் படித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் எழுத்தே வேறு. 26ல் புள்ளி உறுதியாக நிற்கிறது. படத்தின் நீள அகலத்தைக் குறைக்கலாம் என்று ஒருவர் தனி மடலில் சொன்னார், அதே காரணத்துக்காக அதையும் தொடப்போவதில்லை.

செங்காங் டீச்சர் | 9 மார்ச் 2024, இரவு 11:30

இப்போது குரல். 272ல் 115 எம்பி குரல். கை வைக்கப் பயமாகத்தான் இருக்கிறது. செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூரோங் தம்பி | 10 மார்ச் 2024, காலை 10:20

`-ar 8000` போடாதீர்கள் அக்கா, நான் போட்டு அனுபவித்தேன். தொலைபேசியில் பேசுவது போல ஆகிவிடும், ல ள ழ மூன்றும் ஒன்றாகிவிடும்.

பழைய ஒலிப்பதிவர் | 10 மார்ச் 2024, பகல் 3:45

முப்பது வருடம் குரல் பதிவில் இருந்தவன், அதனால் ஒரு வார்த்தை. தம்பி சொல்லும் முடிவு சரி, காரணம் பாதிதான் சரி. 8000 என்று வைத்தால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது முழுதாக வெட்டுப்படும். ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் அதற்குக் கீழேயே இருக்கிறது. நம் தாத்தா காலத்துத் தொலைபேசியிலேயே வாழைப்பழமும் வாளை மீனும் குழம்பியதில்லை. மேலே இருப்பது சீறும் ஒலிகள்: ஸ், ஷ், ஃப், சொல்லுக்கு நடுவில் வரும் ச. வெட்டினால் அடிபடுவது அவை.

அம்மணி, எண்ணைப் படித்து முடிவு செய்யாதீர்கள். மூன்று நிமிடம் வெட்டி எடுத்து, பெயர் தெரியாமல் கேட்டுப் பாருங்கள்.

செங்காங் டீச்சர் | 12 மார்ச் 2024, இரவு 10:10

ஐயா சொன்னபடி செய்தேன். இரண்டு பிள்ளைகள் மாறி மாறி வாசிக்கும் மூன்று நிமிடம். ஒருத்தி கணீரென்று வாசிப்பாள், மற்றவன் முணுமுணுப்பான். அதை அசலாக ஒன்று, 64 கிலோபிட்டில் ஒன்று, 32ல் ஒன்று, 8000 ஹெர்ட்ஸில் ஒன்று என நான்காக எடுத்து, பெயரை மாற்றி அடுக்கச் சொல்லி மகளிடம் கொடுத்துவிட்டுக் காதொலிக் கருவியோடு உட்கார்ந்தேன். நான்கிலும் கடைசியில் நானே வாசித்த வாழை, வாளை, வாலை என்ற மூன்று சொல்லையும் ஒட்டியிருந்தேன்.

8000ஐ முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிட்டேன், அடைத்த குரல். ஆனால் வாழை வாழையாகவே இருந்தது, வாளை வாளையாகவே இருந்தது. 'பஸ்' மட்டும் 'பஃப்' போலக் கேட்டது. ஐயா சொன்னது அப்படியே நடந்தது.

32ஐயும் கண்டுபிடித்தேன். சொல்லெல்லாம் புரிகிறது, ஆனால் 'பசி', 'காசு' வரும் இடங்களில் தண்ணீருக்கு அடியில் கொப்புளிப்பது போல ஒரு சலசலப்பு. முணுமுணுப்பவன் வாசிக்கும்போது அது அதிகம். இரண்டு மணி நேரம் கேட்டால் தலை வலிக்கும்.

அசலையும் 64ஐயும் மூன்று தடவை கேட்டும் பிரிக்க முடியவில்லை. இரண்டு தடவை தவறாகச் சொன்னேன், ஒரு தடவை சரியாகச் சொன்னேன், அதுவும் ஊகம்தான்.

தெம்பனிஸ் 21 | 13 மார்ச் 2024, காலை 8:50

ஓபஸில் எடுத்தால் 32லேயே சுத்தமாக இருக்கும், பேச்சுக்கு AACஐவிட அது கெட்டி. ஆனால் mp4 பெட்டியில் ஓபஸ் வைத்தால் சில கைபேசிகளில் படம் ஓடும், குரல் வராது. வகுப்பில் எத்தனை விதக் கைபேசி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

செங்காங் டீச்சர் | 13 மார்ச் 2024, பகல் 1:15

பதினொரு பெற்றோர், பதினொரு கைபேசி. ஒருவருக்குக் குரல் வராவிட்டாலும் இரவு பத்து மணிக்கு எனக்குத்தான் அழைப்பு வரும். 64 AAC போதும். 115 எம்பி 58 ஆகிறது, பாதி.

செங்காங் டீச்சர் | 16 மார்ச் 2024, இரவு 9:25

மார்ச் விடுமுறையிலும் இன்று வகுப்பு வைத்தேன். மேசையைத் திருப்பிப் போட்டு ஃபேன் கேமராவில் விழாமல் செய்தேன். பின்னால் இப்போது அலமாரி மட்டும்தான். அதே இரண்டு மணி நேரம், அதே கட்டளை, முதலில் குரலைத் தொடாமல்: 226 எம்பி. போன வார 272ஓடு ஒப்பிட்டால் 46 எம்பி ஃபேனுக்கே போயிருக்கிறது. (இரண்டு வெவ்வேறு வகுப்பு என்பதால் எல்லாவற்றையும் ஃபேன் தலையில் கட்ட முடியாது, சரி.) இதில் வீடியோ 111, குரல் 115. குரல் படத்தைவிடப் பெரிதாகிவிட்டது!

குரலை 64 ஆக்கிய பிறகு 169. இதுதான் இனி வாராவாரம்:

```
ffmpeg -i vaguppu.mp4 -vf fps=5 -c:v libx264 -crf 26 -g 100 -c:a aac -b:a 64k -ac 1 chinnathu.mp4
```

15 ஜிபியில் 88 வகுப்பு. தேர்வு முடியும் வரை எதையும் அழிக்க வேண்டாம்.

பழைய ஒலிப்பதிவர் | 17 மார்ச் 2024, காலை 9:40

ஃபேன் கண்ணிலிருந்து மறைந்தது. காதிலிருந்தும் மறைந்ததா?

செங்காங் டீச்சர் | 17 மார்ச் 2024, மாலை 5:20

ஐயா கேட்ட பிறகு அசல் பதிவையே மறுபடி கேட்டேன். நேற்று வாசித்த ஒரு பையனின் வீட்டில் ஃபேன் அவன் மைக்குக்கு நேரே. அவன் 'மரம்' என்கிறான், பதிவில் 'மர' என்று முடிகிறது. 'வந்தான்' என்றால் 'வந்தா'. அவன் சரியாகத்தான் சொல்கிறான், உதடு மூடுவது படத்தில் தெரிகிறது. இது நான் ஃபைலைச் சிறிதாக்கியதால் வந்ததோ என்று பதறிவிட்டேன். அசல் 25 படம், 128 கிலோபிட் பதிவிலும் அப்படியேதான்.

பழைய ஒலிப்பதிவர் | 17 மார்ச் 2024, இரவு 8:00

இரைச்சலைக் குறைக்கும் வசதி செய்யும் வேலை அது. ஃபேனின் சீரான ஓசையை அமுக்கப் போய், சொல்லின் கடைசியில் மெலிந்து தேயும் ம், ன் ஆகியவற்றையும் ஓசை என்று எண்ணி விழுங்கிவிடுகிறது. பதிவாகும் முன்பே போனது, எந்தப் பிட்ரேட்டிலும் திரும்பாது. மைக்கை வாய்ப்பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள், கைபேசியோடு வரும் சாதாரண மைக் போதும்.

சிறுத்ததால் வந்த குறையா, முன்பே இருந்த குறையா என்று பார்க்க நீங்கள் செய்த வழிதான் வழி: சந்தேகம் வந்தால் அசலை அதே நொடியில் வைத்துக் கேட்பது. ஆகவே அசலை உடனே அழிக்காதீர்கள்.

செங்காங் டீச்சர் | 23 மார்ச் 2024, பிற்பகல் 2:30

அந்தப் பையனின் அம்மாவிடம் பேசினேன். இன்று மைக்கைச் சட்டையில் குத்தி உட்கார்ந்தான். 'மரம்' முழுதாக வந்தது. சிறுத்த ஃபைலிலும் கேட்டேன், ம் இருக்கிறது.

அசல் பதிவுகளை நான்கு வாரம் என் வெளித்தட்டில் வைத்திருப்பேன், பிறகு அழிப்பேன்.

உட்லண்ட்ஸ் வாசகி | 30 மார்ச் 2024, இரவு 11:45

முழு இழையையும் படித்தேன். நான் ஒரு குடியிருப்பாளர் குழுவின் இணையக் கூட்டங்களைப் பதிவு செய்கிறேன். டீச்சரின் கட்டளையை அப்படியே எடுத்துப் போட்டேன், அளவு நன்றாக இறங்கியது. ஆனால் என் தங்கைக்குக் காது மிகவும் மந்தம். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். பழைய பதிவில் பாதிக்கு மேல் புரிந்துகொள்வாள், இதில் பத்து நிமிடத்தில் மூடிவிட்டாள். 'வாய் அசைகிறது, சொல் இல்லை' என்றாள். பேச்சு தெளிவு என்று நீங்கள் எல்லாரும் காதை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள்.

செங்காங் டீச்சர் | 31 மார்ச் 2024, காலை 7:30

இதைப் படித்துவிட்டு நேற்றிரவு தூக்கம் வரவில்லை. 5ஆம் தேதி 'உதடு தத்தித் தத்தித்தான் அசைகிறது' என்று நானே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். ஒரு படம் 200 மில்லிநொடி நிற்கிறது. 'அப்பா' என்பதில் ப்ப-வுக்கு உதடு மூடித் திறப்பது அதற்குள் முடிந்துவிடும். மூடிய வாய் எந்தப் படத்திலும் விழாமலே போகலாம். அவர்கள் எதைப் பார்த்துப் படிப்பார்கள்?

உங்கள் தங்கைக்கு 5 ஆகாது. என் வரம்பு என் வகுப்புக்கு மட்டும்.

தெம்பனிஸ் 21 | 31 மார்ச் 2024, பகல் 12:10

சைகை மொழியும் இப்படித்தான், விரல் அசைவு ஐந்தில் துண்டுதுண்டாகிவிடும். அவர்களுக்கு 25ஐ அப்படியே விடுங்கள், `-vf fps=5`ஐ எடுத்துவிட்டு மீதிக் கட்டளையை ஓட்டுங்கள். `-g`யை மட்டும் 500 ஆக்குங்கள், அதே 20 நொடி வரும். கட்டிப்போட்ட பிட்ரேட் போனதும் குரல் பாதியானதும் எப்படியும் மிச்சம்தான். முகக் கட்டம் பெரிதாக இருக்கும்படி பதிவு செய்வது ஃப்ரேம் ரேட்டைவிட முக்கியமாக இருக்கலாம்.

ஜூரோங் தம்பி | 31 மார்ச் 2024, பகல் 12:40

நடுவில் 12 அல்லது 15 வைத்தால்?

உட்லண்ட்ஸ் வாசகி | 31 மார்ச் 2024, இரவு 10:05

25ல் எடுத்துக் கொடுத்தேன், பழையபடி பார்க்கிறாள். அளவு பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். 15 அவளுக்குப் போதுமா என்று கேட்டேன். ஒரே பத்து நிமிடத்தை 12, 15, 20, 25 என நான்காக எடுத்துத் தா, எது எது என்று சொல்லாதே, நானே சொல்கிறேன் என்கிறாள்.

செங்காங் டீச்சர் | 1 ஏப்ரல் 2024, காலை 6:50

யார் பேசும் பத்து நிமிடத்தை எடுக்கப் போகிறீர்கள்? மீசை வைத்தவர் பேசும் இடத்தையும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், அது கடினமான சோதனையாக இருக்கும். வரும் சனிக்கிழமை என் வகுப்பில் ஒரு பிள்ளையின் பாட்டியும் உட்காருகிறார், அவருக்கும் காது மந்தம். பெற்றோர் ஒப்புக்கொண்டால் அதே நான்கையும் எடுத்துக் காட்டி, அவர் சொல்வதையும் இங்கே எழுதுகிறேன்.